மெஷின் ஓடுது, தண்ணி ஏறலை: அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழிமுறை

வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிடுகிற வீடுகளுக்குப் போனால், பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. குழாயில் இருக்கும், ஹோஸில் இருக்கும், இல்லையென்றால் மொட்டை மாடியில் டேங்க் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் இருக்கும். மதுரையில் ஒரே டேங்குக்குள் வைகைத் தண்ணீரும் போர் தண்ணீரும் கோடையில் லாரித் தண்ணீரும் மாறி மாறி விழுகின்றன. மணல், பாசி, உப்புப் படிவு மூன்றும் சேர்ந்து கடைசியில் வந்து அடைக்கிற இடம், மெஷினின் பின்பக்கம் இருக்கும் ஒரு சின்ன வலைதான். அதனால் மெஷின் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் தண்ணீரை அளந்து பாருங்கள்.

உங்கள் மெஷின் திரையில் ஏதாவது குறி வந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்ஜியில் `IE`, சாம்சங்கில் `4C` (பழைய மாடல்களில் `4E`), பாஷில் `E17` என்று வந்தால், நேரத்துக்குள் தண்ணீர் வந்து சேரவில்லை என்று அர்த்தம். மெஷினுக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு போய்விட்டது என்று அந்தக் குறி சொல்வதில்லை. குழாயைத் திறக்க மறந்தாலும் அதே குறிதான் வரும்.

## எதற்கும் முன்னால்: வாளியும் கைபேசிக் கடிகாரமும்

15 லிட்டர் வாளி ஒன்று எடுங்கள். மெஷினுக்குப் போகும் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டு, குழாயை முழுதாகத் திறந்து, வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பினால் ஓட்டம் போதும். மூன்று நிமிடம் தாண்டினால் பிழை குழாய்ப் பக்கம் இருக்கிறது, மெஷினைத் தொட வேண்டாம்.

அப்புறம் ஹோஸைத் திரும்ப குழாயில் மாட்டி, மெஷின் பக்கத்து முனையைக் கழற்றி வாளிக்குள் விட்டு, அதே கணக்கை இன்னொரு தடவை எடுங்கள். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் கீழே இருப்பதில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

கழற்றுவதற்கு முன் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், குழாயை மூடிவிடுங்கள். ஹோஸுக்குள் தேங்கிய தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். கீழே ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள்.

## அறிகுறி: எந்த நேரமும் மெதுவாகத்தான் ஏறுகிறது

### குழாயிலேயே மெதுவாக வருகிறது

முதலில் மெஷின் ஹோஸ் மாட்டும் சுவர்க் குழாயான ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். பெயின்ட் அடிக்க வந்தவரோ, பக்கத்து போர்ஷனில் குழாய் மாற்ற வந்தவரோ கேட் வால்வைப் பாதி மூடிவிட்டுப் போயிருக்கலாம். அடுத்து, பாத்ரூம் குழாயிலும் சமையலறையிலும் அதே நிலைமையா என்று பாருங்கள். அங்கெல்லாம் நன்றாக வந்து மெஷின் குழாயில் மட்டும் மெதுவாக வந்தால், அந்த ஒரு காக்கை மாற்றினால் தீர்ந்தது. போர் தண்ணீர் ஓடும் வீட்டில் காக்கின் உள்துளை உப்பு பிடித்துப் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருப்பது சகஜம்.

எல்லாக் குழாயிலும் மெதுவாக, நடுநடுவே காற்றுத் துப்பித் துப்பி வந்தால் லைனில் காற்று அடைத்திருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போன நாளில் மோட்டார் போடாமல் டேங்க் காலியாகி, சாயங்காலம் நிரப்பினால் இது வரும். வீட்டிலேயே தாழ்ந்த இடத்தில் இருக்கும் குழாயை முழுதாகத் திறந்து சிறிது நேரம் ஓடவிடுங்கள். பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். டேங்க் அடியில் தேங்கிய சேறும் அன்றைக்குத்தான் கிளம்பி வரும் என்பதால், தெளிவாக வரும்வரை அந்தத் தண்ணீரை மெஷினுக்குள் விடாதீர்கள்.

### குழாயில் நன்றாக வருகிறது, ஹோஸ் முனையில் மெதுவாகிறது

ஹோஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மெஷினை நகர்த்திப் பெருக்கிவிட்டுத் திரும்பத் தள்ளும்போது இது நடக்கும். குழாய் பக்கத்து முனையிலும் சில ஹோஸ்களில் ரப்பர் வாஷரோடு சேர்ந்து ஒரு சின்ன வலை இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

உப்புத் தண்ணீருக்காக ஹோஸுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் டப்பா மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். அதைக் கழற்றிவிட்டு ஹோஸை நேராக மாட்டி இன்னொரு வாளி பிடியுங்கள். நேரம் பாதியாகக் குறைந்தால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். ஏற்கெனவே அழுத்தம் குறைந்த மாடி வீட்டில் இந்த டப்பா புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் அழுத்தத்தைச் சாப்பிட்டுவிடும். என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட வீட்டில் அது வேண்டாம். மாதம் ஒரு முறை வலையைக் கழுவிக்கொள்வதே மேல்.

### ஹோஸ் முனையிலும் நன்றாக வருகிறது, மெஷினுக்குள் மட்டும் மெதுவாக

இப்போது வலைக்கு வருவோம். மெஷின் பின்பக்கம் ஹோஸ் மாட்டும் மரைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன வட்டமான பிளாஸ்டிக் வலை, நடுவில் ஒரு சின்ன மூக்கோடு தெரியும். அந்த மூக்கை நோஸ் பிளையரால் பிடித்து நேராக வெளியே இழுங்கள். முறுக்கினால் மூக்கு ஒடிந்துவிடும், அப்புறம் வலையை எடுப்பது பெரிய பாடு. இறுகியிருந்தால் லேசாக இரண்டு பக்கமும் அசைத்து அசைத்து இழுக்கலாம்.

வலையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கழுவிவிடாதீர்கள், தண்ணீர்ப் பக்கத்துக் கதை அதில்தான் இருக்கிறது. பச்சைக் கொழகொழப்பு என்றால் டேங்க் மூடி சரியில்லை, வெயில் உள்ளே போய் பாசி பிடிக்கிறது. மணல் என்றால் போர் அல்லது சம்ப். துருத்தூள் என்றால் லைனில் எங்கோ பழைய இரும்புக் குழாய் இருக்கிறது. வெள்ளை நூல்போல ஏதாவது சுற்றிக்கொண்டிருந்தால் அது டெஃப்லான் டேப். ஹோஸ் மரையில் டேப் சுற்றவே தேவையில்லை, அங்கே தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். சுற்றிய டேப் பிய்ந்து வலையில்தான் வந்து சேரும்.

பழைய டூத் பிரஷால் ஓடுகிற தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். வெள்ளையாகக் கெட்டிப்பட்ட உப்பு போகவில்லை என்றால் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரை மணி நேரம் ஊறவையுங்கள். டாய்லெட் ஆசிட் வேண்டாம். ஊசியால் குத்தவும் வேண்டாம், வலைக்கண் கிழிந்தால் மணல் நேராக வால்வுக்குள் போகும். கிழிந்த வலைக்குப் பதில் புது வலை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும், விலை அதிகமில்லை.

திரும்ப மாட்டும்போது வாஷர் ஹோஸுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். நட்டைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வால்வின் பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு மரையைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், ஈரம் படக்கூடாது.

வலை சுத்தமாக இருந்தும் மெதுவாகவே ஏறினால் வால்வின் உள்ளே உப்பு பிடித்திருக்கலாம், அல்லது அடுத்த அறிகுறியில் சொல்லும் அழுத்தக் குறைவாக இருக்கலாம். வால்வை மாற்றுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

## அறிகுறி: காலையில் சரியாக ஏறுகிறது, மதியம் தகராறு

இதுதான் மாடி போர்ஷன்களின் நோய். இதில் பலர் வால்வை மாற்றி, அப்புறம் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டையும் மாற்றி, பணத்தைக் கரைத்துவிடுகிறார்கள்.

மெஷினோடு வந்த கையேட்டில் குறைந்தபட்ச நீர் அழுத்தம் என்று ஒரு எண் இருக்கும். பல மாடல்களில் அது 0.3 பார், சிலவற்றில் 0.5 பார். மெகாபாஸ்கலில் போட்டிருந்தால் 0.03 அல்லது 0.05 என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இதை அடிக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டம், மெஷினின் பின்பக்க மரையைவிட 10 அடி உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 0.3 பார் கிடைக்கும். 0.5 பாருக்கு 16, 17 அடி வேண்டும். குழாய் எத்தனை முறை வளைந்து வந்தாலும் செங்குத்து உயரம் மட்டும்தான் கணக்கு. வளைவுகள் ஓட்டத்தை இன்னும் குறைக்கும், கூட்டாது.

திருநகரில் மாடி போர்ஷன் ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். முன்பக்கம் திறக்கும் மெஷின், துணி துவைத்து முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, நடுவில் `IE` வந்து நின்றுவிடுகிறது. ஏற்கெனவே ஒருவர் வந்து பார்த்துவிட்டு வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"காலையில போட்டா ஓடுது தம்பி. மதியம் போட்டாத்தான் இந்த அக்கப்போர்" என்றார் அந்த வீட்டு அக்கா.

"டேங்க் எப்பக்கா நிரப்புவீங்க?"

"காலையில ஒரு தடவை. கீழ் வீட்டுக்கும் அதே டேங்குதான்."

பாதி விடை அதிலேயே இருந்தது. ஆனாலும் வாளியிலிருந்து தொடங்கினோம். குழாயில் 15 லிட்டர் நிரம்ப 2 நிமிடம் 40 விநாடி. ஹோஸ் முனையில் 5 நிமிடம் தாண்டியது. நடுவில் உப்புத் தண்ணீர் ஃபில்டர் டப்பா ஒன்று இருந்தது. அதைக் கழற்றியதும் ஹோஸ் முனையில் 3 நிமிடத்துக்கு வந்தது. வலையில் பாசியும் மணலும் சேர்ந்து வெற்றிலை மென்று துப்பியதுபோல அப்பியிருந்தது. கழுவி மாட்டிய பிறகு மெஷினில் தண்ணீர் ஏறியது, `IE` வரவில்லை. அன்றைக்கு டேங்க் நிறைந்திருந்தது என்பதால் இதோடு முடிந்தது என்று கிளம்பியிருந்தால், மறுநாள் மதியம் திரும்ப அழைப்பு வந்திருக்கும்.

அதனால் டேப் எடுத்து அளந்தோம். தரையிலிருந்து கூரை 10 அடி. கான்கிரீட் தளம் அரை அடி, டேங்க் உட்கார்ந்த செங்கல் மேடை அரை அடி. ஆகவே டேங்க் அடி, வீட்டுத் தரையிலிருந்து 11 அடி. மெஷின் மரை தரையிலிருந்து 3 அடியில் இருக்கிறது. டேங்கில் நிறையத் தண்ணீர் நின்றால் 3 அடி. அப்படியென்றால் நிறைந்த டேங்கில் கிடைக்கும் உயரம் 11 அடி, அதாவது 0.33 பார். காலியாகும் தறுவாயில் 8 அடி, 0.24 பார். கையேடு கேட்டது 0.3. காலையில் மயிரிழையில் தப்பித்து, தண்ணீர் ஓரடி இறங்கியதும் எல்லையில் நின்று, அப்புறம் தடுமாறுகிறது. வால்வில் ஒரு குறையும் இல்லை.

இந்த நிலைமையில் செலவு குறைந்ததிலிருந்து மேலே போகலாம். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் மெஷின் போடுவது காசில்லாத வழி, பலருக்கு அதுவே போதும். அடுத்தது, மெஷினுக்கு மட்டும் டேங்கிலிருந்து தனியாக ஒரு இன்ச் லைன் இறக்குவது. பாத்ரூமில் ஆள் குளிக்கும்போது மெஷின் நின்றுபோகிற வீட்டுக்கு இது கைகொடுக்கும், ஆனால் உயரம் போதாத வீட்டில் இது மட்டும் போதாது. டேங்குக்கு மூன்றடி ஸ்டாண்ட் கட்டினால் 0.09 பார் கூடும். இந்த வீட்டுக்கு அந்த மூன்றடியே தீர்வாகியிருக்கும், ஆனால் நிறைந்த 1000 லிட்டர் டேங்க் ஒரு டன் எடை, தளம் தாங்குமா என்று கொத்தனாரோ பொறியாளரோ பார்த்துச் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. கடைசியில் அங்கே மெஷின் லைனில் ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைக்கச் சொன்னோம். தண்ணீர் ஓடத் தொடங்கினால் தானாக ஓடி, நின்றால் தானாக நிற்கும் வகை. இதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அது கிளம்பவே குறைந்தபட்ச ஓட்டம் ஒன்று வேண்டும். வலை அடைத்த நிலையில் அந்த ஓட்டம்கூட இருக்காது, பம்ப் பேசாமல் இருக்கும். அதனால் முதலில் வலை, அப்புறம் பம்ப்.

பம்ப் டேங்கிலிருந்து இறங்கும் லைனில்தான் வர வேண்டும். மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சக் கூடாது, கண்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

## அறிகுறி: ஒரு சொட்டும் ஏறவில்லை

குழாயில் தண்ணீர் இருக்கிறது, ஹோஸிலும் வருகிறது என்று வாளி சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெஷினை ஓடவிட்டு, பின்பக்கம் ஹோஸ் மாட்டிய இடத்துக்கு அருகில் காதை வைத்துக் கேளுங்கள்.

### ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம் கேட்கிறது

வால்வுக்குக் கரண்ட் வருகிறது, திறக்கவும் பார்க்கிறது, தண்ணீர்தான் வழியில்லாமல் நிற்கிறது. வலை முழுதாக அடைத்திருக்கலாம், அழுத்தம் போதாமல் இருக்கலாம், வால்வு உள்ளே உப்பில் இறுகியிருக்கலாம். இந்த வரிசையில் பாருங்கள்.

### சத்தமே இல்லை

கதவு சரியாக மூடவில்லை என்றால் முன்பக்க மெஷின் தண்ணீர் எடுக்காது. கதவு பூட்டும் ‘டிக்’ சத்தம் வந்ததா? தாமத நேரம் ஏதாவது தவறுதலாக வைத்திருக்கிறதா? மேலே திறக்கும் மெஷினில் குளிர்நீர், வெந்நீர் என்று இரண்டு மரை இருந்து, நீங்கள் குளிர்நீரில் மட்டும் ஹோஸ் மாட்டியிருந்தால், வெந்நீர் பட்டன் அழுத்தியவுடன் மெஷின் மாட்டாத மரைக்கு எதிரே காத்துக்கொண்டு நிற்கும். இதில் ரீங்காரமும் கேட்கலாம். குளிர்நீருக்கு மாற்றிப் பாருங்கள். குழந்தைகள் பட்டனைத் தட்டிவிட்ட வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

முன்பக்க மெஷினாக இருந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. வால்வு உடம்பு ஒன்றுதான், வலையும் ஒன்றுதான், ஆனால் கரண்ட் வந்ததும் வால்வைத் திறக்கும் காயில்கள் உள்ளே இரண்டு அல்லது மூன்று இருக்கும்: ஒன்று முன்அலசலுக்கு, ஒன்று துவைக்கும் சோப்பு அறைக்கு. முன்அலசல் வைத்து ஓட்டினால் தண்ணீர் வருகிறது, சாதாரணத் துவைப்பில் மட்டும் வரவில்லை என்றால் வலையும் குழாயும் குற்றமற்றவை. ஒரு காயில் போயிருக்கிறது, அல்லது அதற்கு வரும் வயர் கழன்றிருக்கிறது. இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் மல்டிமீட்டரில் காயிலை அளப்பார், சாதாரணமாகச் சில ஆயிரம் ஓம் காட்டும், எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. நல்ல காயிலுக்குக் கரண்டே வரவில்லை என்றால்தான் போர்டு பக்கம் போக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகப் போர்டு மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## அறிகுறி: தண்ணீர் விழுகிறது, மட்டம் உயரவில்லை

கழிவுநீர் ஹோஸ் வழியாக ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க மெஷினின் கழிவு ஹோஸைத் தரையில் போட்டுவிட்டால், ஏறுகிற தண்ணீரெல்லாம் தானாக இழுத்துக்கொண்டு வெளியேறிவிடும். முனையைத் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் கொக்கி போட்டு மாட்டுங்கள். மேலே திறக்கும் மெஷினில் இது வந்தால் கழிவு வால்வில் காசோ, ஊக்கோ, நூலோ மாட்டியிருக்கும், அதைப் பிரிக்க ஆள் வேண்டும்.

## அறிகுறி: ஆஃப் செய்த பிறகும் தண்ணீர் ஏறுகிறது

குழாயை உடனே மூடுங்கள். வால்வுக்குள் மணல் புகுந்து மூடவிடாமல் செய்கிறது. ‘வேகமா ஏறட்டும்’ என்று வலையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டிய வீடுகளில் இதைப் பார்க்கலாம். வால்வை மாற்றிவிட்டு வலையையும் மாட்ட வேண்டும். அதுவரை துவைத்து முடிந்ததும் குழாயை மூடிவையுங்கள், இரவில் திறந்து விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

## யாரைக் கூப்பிடுவது

குழாயில் வாளி மூன்று நிமிடம் தாண்டினால், அல்லது உயரக் கணக்கு கையேட்டு எண்ணுக்குக் கீழே இருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். மெஷின் மெக்கானிக் வந்தால் அவரால் செய்ய ஒன்றுமில்லை, வந்ததற்குக் கட்டணம் மட்டும் வாங்கிப் போவார். ஹோஸ் முனையில் நன்றாக வந்து, வலை சுத்தமாக இருந்து, உயரமும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் மெக்கானிக். மெஷின் உடம்பில் ஷாக் அடித்தாலோ, பின்பக்கம் வயர் நனைந்திருந்தாலோ பிளக்கைத் தொடாமல் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அவரையே கூப்பிடுங்கள். வாரன்டி இருந்தால் வலையைக் கழுவுவது வரை உங்கள் வேலை, மூடியைத் திறக்காதீர்கள்.

போனில் பேசும்போது "தண்ணி ஏறலை" என்று மட்டும் சொல்லாமல், குழாயில் வாளி நிரம்பும் நேரம், ஹோஸ் முனையில் நிரம்பும் நேரம், ரீங்காரம் கேட்கிறதா இல்லையா, திரையில் என்ன குறி என்று நான்கையும் சொல்லுங்கள். வால்வைக் கையோடு எடுத்து வர வேண்டுமா வேண்டாமா என்று அவருக்குப் புறப்படும்போதே தெரிந்துவிடும். அவர் வரும்வரை அவசரத் துணி கிடந்தால், மேலே திறக்கும் மெஷினில் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், மட்டம் வந்ததும் மெஷின் தானாக அடுத்த வேலைக்குப் போகும். முன்பக்க மெஷினில் சோப்பு அறை வழியாகச் சொம்பு சொம்பாக ஊற்ற வேண்டியிருக்கும். நடக்கும்தான், ஆனால் ஒவ்வொரு அலசலுக்கும் நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.